ஓட்ஸ் பிஸ்கட் 5 சதவீதம், சாதா பிஸ்கட் 8 சதவீதம்: எதை எடுப்பது?

மாலதி, கோவை

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் என் கணவருக்கு எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் அளவு கூடுதலாக இருப்பது தெரிய வந்தது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், உணவில் நிறைவுற்ற கொழுப்பையும் சர்க்கரையையும் குறைத்துவிட்டு மறுபடியும் பரிசோதனை செய்யலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். மாலைத் தேநீருடன் நான்கு பிஸ்கட் சாப்பிடுவது அவருடைய நீண்ட நாள் பழக்கம். அதை நிறுத்த அவர் உடன்படவில்லை. ஆகவே நல்ல பிஸ்கட்டாகப் பார்த்து வாங்கலாம் என்று கடையில் இரண்டு பாக்கெட்டுகளின் பின்பக்க அட்டவணையை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலாவது ஓட்ஸ் பிஸ்கட். அதில் நிறைவுற்ற கொழுப்புக்கு நேராக 5 சதவீதம் என்றும், சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு நேராக 3 சதவீதம் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டாவது, நாம் சிறு வயதிலிருந்து சாப்பிட்டு வரும் சாதாரண கோதுமை பிஸ்கட். அதில் முறையே 8, 12 சதவீதம் இருக்கிறது. இரண்டிலும் ஓட்ஸ் பிஸ்கட்தான் குறைவு என்று கருதி, விலை கூடுதலாக இருந்தும் அதையே வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதே அட்டவணையின் மற்றொரு பத்தியைப் பார்த்தபோது, ஓட்ஸ் பிஸ்கட்டில் நிறைவுற்ற கொழுப்பு 10.3 கிராம் என்று இருக்கிறது. சாதா பிஸ்கட்டின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தேன், அதில் 6.6 கிராம்தான். கிராம் அதிகமாக உள்ள பிஸ்கட்டில் சதவீதம் எப்படிக் குறைவாக இருக்கும்? அச்சுப் பிழையாக இருக்குமோ?

நெல்லைச் சங்கரன்

சகோதரி, இந்தக் கணக்கில் நீங்கள் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அட்டவணையில் கொலஸ்ட்ரால் 0, டிரான்ஸ் கொழுப்பு 0 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிஸ்கட்டில் சேர்ப்பது தாவர எண்ணெய். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் கிடையாது. வெளியிலிருந்து கொலஸ்ட்ரால் உள்ளே போகாதபோது இரத்தத்தில் அது எப்படிக் கூடும்? நான் பல ஆண்டுகளாக இந்த இரண்டை மட்டும் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

சுந்தரி அம்மாள், தஞ்சாவூர்

மாலதி, அச்சுப் பிழை ஒன்றும் இருக்காது. அட்டவணைக்கு மேலே ‘சர்வ் சைஸ்’ என்று ஒரு வரி இருக்குமே, அதை நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சாப்பிட வேண்டும் என்று அரசாங்கம் வரையறுத்துப் போடச் சொல்லியிருக்கும் அளவு அது. அந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் எந்தப் பிஸ்கட்டும் கெடுதல் செய்யாது. எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு நான் அந்த அளவைப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

மாவும் அளவும்

மாலதி அவர்களுக்கு: அது அச்சுப் பிழையன்று. ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றியபோது இந்த அட்டவணையைத் தயாரித்துக் கொடுப்பதும் என் பொறுப்பாக இருந்ததால், உங்கள் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் நாட்டு உணவு லேபிளில் இரண்டு பத்திகள் அருகருகே இருந்தாலும் அவை இரண்டு வெவ்வேறு எடைகளைப் பற்றிப் பேசுகின்றன. உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, கிராம் கணக்கை 100 கிராம் பண்டத்துக்குக் கொடுக்கிறார்கள். சதவீதத்தையோ ஒரு ‘சர்வ்’ அளவுக்குக் கொடுக்கிறார்கள். அந்தச் சர்வ் எத்தனை கிராம் என்று விதி நிர்ணயிக்கவில்லை; அதைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கிறார். ஆகவே ஒரே அட்டவணையில், ஒரே வரியில், இடப்பக்க எண்ணுக்கும் வலப்பக்க எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லாமல் போகிறது. உங்கள் இரண்டு பாக்கெட்டுகளிலும் சர்வ் அளவு எவ்வளவு என்று போட்டிருக்கிறது? பாக்கெட்டில் எத்தனை சர்வ் என்பதும் பக்கத்திலேயே இருக்கும்.

சுந்தரி அம்மா, பணிவுடன் ஒன்று சொல்ல விரும்புகிறேன். சர்வ் அளவு என்பது யாரும் நமக்குப் பரிந்துரைக்கும் அளவன்று. நீங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அளந்து கொடுப்பது நல்ல பழக்கமே. ஆனால் அந்த எண்ணுக்கு மருத்துவ மதிப்பு எதுவும் கிடையாது. ஒரே வகைப் பிஸ்கட்டுக்கு ஒரு நிறுவனம் 10 கிராம் என்றும் இன்னொரு நிறுவனம் 30 கிராம் என்றும் போடலாம். மேலும் சதவீதம் முழுவதும் ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி உண்ணும் வளர்ந்தவரைக் கருதிக் கணக்கிட்டது. ஆறு வயதுக் குழந்தைக்கு அதே பிஸ்கட்டின் பங்கு அந்தச் சதவீதத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மாலதி, கோவை

பார்த்துவிட்டேன். ஓட்ஸ் பிஸ்கட்டில் சர்வ் அளவு 10 கிராம், அதாவது ஒரு பிஸ்கட். சாதா பிஸ்கட்டில் 25 கிராம், அதாவது நான்கு பிஸ்கட்.

100 கிராமுக்கான மற்ற எண்களையும் தருகிறேன். ஓட்ஸ் பிஸ்கட்டில் மொத்தக் கொழுப்பு 21 கிராம், மொத்தச் சர்க்கரை 18, சேர்க்கப்பட்ட சர்க்கரை 16.5. சாதா பிஸ்கட்டில் மொத்தக் கொழுப்பு 14 கிராம், மொத்தச் சர்க்கரை 25, சேர்க்கப்பட்ட சர்க்கரை 24.

மாவும் அளவும்

இப்போது கணக்குத் தெளிவாகிவிடும். அந்தச் சதவீதங்களுக்கு அடிப்படையாக விதியில் குறிப்பிட்டிருக்கும் நாளளவு, நிறைவுற்ற கொழுப்புக்கு 22 கிராம், சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு 50 கிராம். இவை வானத்திலிருந்து வந்த எண்கள் அல்ல. 2000 கிலோகலோரியில் பத்தில் ஒரு பங்கு 200. கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரி தருவதால் 200 ஐ 9 ஆல் வகுத்தால் 22 வரும். சர்க்கரை 4 தருவதால் 50 வரும். ஆகவே இரண்டும் தாண்டக் கூடாத உச்ச வரம்புகளே தவிர, எட்ட வேண்டிய இலக்குகள் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சர்க்கரையை அந்த 10 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது சுமார் 25 கிராமுக்குள், கொண்டுவந்தால் மேலும் நல்லது என்றும் கூறியிருக்கிறது.

ஓட்ஸ் பிஸ்கட்டில் 10 கிராமுக்கு நிறைவுற்ற கொழுப்பு 1.03 கிராம். அது 22 இல் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. சாதா பிஸ்கட்டில் 25 கிராமுக்கு 1.65 கிராம், அது 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு நிறுவனங்களும் சரியாகத்தான் அச்சிட்டிருக்கின்றன. நீங்கள் ஒரு பிஸ்கட்டை நான்கு பிஸ்கட்டோடு ஒப்பிட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கணவர் சாப்பிடுவது நான்கு. ஓட்ஸ் பிஸ்கட் நான்கு என்றால் 40 கிராம். அதில் நிறைவுற்ற கொழுப்பு 4.1 கிராம், நாள் வரம்பில் 19 சதவீதம். சேர்க்கப்பட்ட சர்க்கரை 6.6 கிராம், 13 சதவீதம். சாதா பிஸ்கட் நான்கு என்றால் 25 கிராம்; அச்சிட்டிருக்கும் 8, 12 சதவீதங்கள் அப்படியே பொருந்தும். ஆக, அவருடைய தட்டில் உண்மையாக விழுவதைப் பார்த்தால், எந்தப் பாக்கெட்டில் இரண்டு சதவீதங்களும் குறைவாக அச்சிடப்பட்டிருந்தனவோ அதே பாக்கெட்டுதான் இரண்டிலும் கூடுதல். நிறைவுற்ற கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேல் போகிறது.

எண்ணிக்கையை விட்டுவிட்டு எடைக்கு எடை ஒப்பிட்டால் படம் வேறு விதமாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 100 கிராம் பத்தியில் ஓட்ஸ் பிஸ்கட்டில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், சர்க்கரை குறைவு. சாதா பிஸ்கட்டில் கொழுப்பு குறைவு, சர்க்கரை அதிகம். மருத்துவர் எல்.டி.எல். காரணமாகச் சொல்லியிருப்பதால் உங்களுக்குக் கொழுப்பின் எண்தான் முதன்மையானது. அந்த வகையில் சாதா பிஸ்கட் மேல். ஆனால் அதையும் நல்ல பிஸ்கட் என்று என்னால் சொல்ல இயலாது. பிரிட்டனில் பாக்கெட்டின் முன்புறம் நிறம் போடுவதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: 100 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு, 1.5 கிராம் வரை பச்சை. நம்முடைய இரண்டு பாக்கெட்டுகளும் அங்கே சிவப்புத்தான்.

டல்லாஸ் முருகவேள்

நான் அமெரிக்காவில் வசிப்பதால் இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கிறேன். இங்கே கிராமும் சதவீதமும் இரண்டுமே ஒரு சர்விங்குக்குத்தான் கொடுக்கப்படுகின்றன. ஆகவே ஒரே அட்டவணைக்குள் மாலதி அவர்களுக்கு ஏற்பட்ட குழப்பம் இங்கே ஏற்பட வழியில்லை. சர்விங் அளவையும் நிறுவனம் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது. மக்கள் வழக்கமாக ஒரே நேரத்தில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்து இங்குள்ள உணவு, மருந்து ஆணையமான எஃப்.டி.ஏ. ஒவ்வொரு வகைப் பண்டத்துக்கும் ஒரு அடிப்படை அளவு வைத்திருக்கிறது. 2016 இல் அதைத் திருத்தியபோது ஐஸ்கிரீமின் அளவை அரைக் கோப்பையிலிருந்து மூன்றில் இரண்டு கோப்பையாக உயர்த்தினார்கள், ஏனென்றால் யாரும் அரைக் கோப்பையோடு நிறுத்துவதில்லை. லேபிளில் சேர்க்கப்பட்ட சர்க்கரையைத் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்ததே.

ஆனால் இங்கே 100 கிராமுக்கான எண் கிடையாது. ஒன்றின் சர்விங் 28 கிராம், இன்னொன்றின் சர்விங் 55 கிராம் என்று இருக்கும்போது கடையில் நின்று வகுத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அந்த வகையில் இந்திய லேபிளே எனக்கு வசதியாகத் தோன்றுகிறது.

நெல்லைச் சங்கரன்

என் கேள்விக்கு மாவும் அளவும் ஐயா பதில் சொல்லவில்லை. தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் உண்டா, இல்லையா?

மாவும் அளவும்

இல்லை, ஐயா. நீங்கள் சொன்ன முதல் வாக்கியம் முழுக்கச் சரி. அதிலிருந்து நீங்கள் வந்தடையும் முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடலே தயாரிக்கிறது. உண்ணும் நிறைவுற்ற கொழுப்பு, இரத்தத்திலிருந்து எல்.டி.எல். ஐ அகற்றும் கல்லீரலின் வேலையை மந்தப்படுத்துகிறது. அதனால்தான் கொலஸ்ட்ராலே இல்லாத எண்ணெயும் இரத்தத்தில் அதைக் கூட்டுகிறது. கொலஸ்ட்ரால் 0 என்ற வரியோ, தாவர எண்ணெயில் செய்த எந்தப் பிஸ்கட்டிலும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். இரண்டு பாக்கெட்டுகளைப் பிரித்தறிய அது பயன்படாது.

டிரான்ஸ் கொழுப்பு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு கதை இருக்கிறது. பிஸ்கட் மொறுமொறுப்பாக உதிர வேண்டுமானால் சேர்க்கும் கொழுப்பு அறை வெப்பத்தில் ஓரளவு கெட்டியாக இருக்க வேண்டும். கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ ஊற்றினால் அந்தப் பதம் வராது, எண்ணெய் வெளியே கசிந்து தாளில் ஒட்டும். முன்பு அதற்கு வனஸ்பதி பயன்பட்டது. டிரான்ஸ் கொழுப்பும் அதோடு வந்தது. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்தே பெரும்பாலான தொழிற்சாலைகள் பாமாயிலுக்கு மாறிக்கொண்டிருந்தன. பாமாயில் இயல்பாகவே பாதிக்கெட்டியானது. ஏனெனில் அதில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. டிரான்ஸ் கொழுப்பு பூஜ்யமானது உண்மையான முன்னேற்றம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கு நேர்மேலே இருக்கும் நிறைவுற்ற கொழுப்பின் எண் அதனால் குறைந்துவிடவில்லை.

எந்த எண்ணெய் என்பதை மூலப்பொருள் பட்டியலில் பெயர் சொல்லிப் போட வேண்டும். அதைப் படிக்க முடியாத அளவுக்கு எழுத்து பொடியாக இருந்தால், நான் கையாளும் வழி ஒன்று உண்டு. நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கொழுப்போடு ஒப்பிடுங்கள். மாலதி அவர்களின் ஓட்ஸ் பிஸ்கட்டில் 21 இல் 10.3, சாதா பிஸ்கட்டில் 14 இல் 6.6. இரண்டிலும் ஏறத்தாழ பாதி. இரண்டும் பாமாயிலே என்று நான் துணிந்து சொல்வேன். கடலை எண்ணெயில் பொரித்த பண்டமானால் இந்த விகிதம் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். ஓட்ஸ் சேர்த்ததால் கொழுப்பு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். முன்பக்கத்தில் ஓட்ஸ் என்று பெரிதாகப் போட்டால், அது எத்தனை சதவீதம் என்பதைப் பட்டியலில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அதையும் பாருங்கள்.

நாகர்கோவில் ஜெபா

இப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் எல்லோரும் குற்றவாளிகள். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்புத்தான். பாட்டன் காலத்திலிருந்து அதில்தான் சமைக்கிறோம், நேந்திரங்காய் வறுவல் அதில்தான் போடுகிறோம். தேங்காய் எண்ணெயில் இருப்பது லாரிக் அமிலம், அது வேறு வகை. லேபிளில் எல்லா நிறைவுற்ற கொழுப்பையும் ஒரே எண்ணில் கொட்டிவிடுவது நியாயமில்லை.

மாவும் அளவும்

ஜெபா, லேபிள் வகை பிரிப்பதில்லை என்பது உண்மை. லாரிக் அமிலம் நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். ஐயும் சேர்த்துக் கூட்டுகிறது என்பதும் உண்மை. ஆனால் எல்.டி.எல். ஐ அது கூட்டுவதில்லை என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை. கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்.டி.எல். ஐக் கூட்டுகிறது என்பதே ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது. ஏற்கெனவே எல்.டி.எல். கூடுதலாக உள்ளவர் ஒருவருக்காகப் பேசுகிறோம் என்பதால் நான் அந்த ஒரே எண்ணையே நம்புவேன்.

நாகர்கோவில் ஜெபா

பாட்டன் காலத்தில் பாக்கெட் பிஸ்கட் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயை மட்டும் குற்றம் சொல்வதை நான் ஏற்கவில்லை. மற்றபடி உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது.

ரியாஸ், வாணியம்பாடி

என் கேள்வி சற்று வேறு. என் வாப்பாவுக்கு நீரிழிவு. அவருக்காகச் ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று போட்ட பிஸ்கட்டைத்தான் வாங்கிக் கொடுக்கிறோம். சேர்க்கப்பட்ட சர்க்கரை 0 என்று அட்டவணையிலும் இருக்கிறது. ஆனாலும் அதைச் சாப்பிட்ட பின் மானியில் பார்த்தால் சர்க்கரை நன்றாக ஏறியிருக்கிறது. லேபிளில் பொய் எழுதியிருக்கிறார்களா?

மாவும் அளவும்

ரியாஸ் தம்பி, பொய்யாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. அந்த அட்டவணையில் மாவுச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். பிஸ்கட் எதுவானாலும் 100 கிராமில் 60 முதல் 75 கிராம் வரை மாவுச்சத்து இருப்பது வழக்கம். மைதா செரித்ததும் குளுக்கோஸ்தானே ஆகிறது. சர்க்கரை வரி பூஜ்யமாக இருப்பது அந்தப் பெரிய எண்ணைத் தொடவே இல்லை.

அடுத்து, மூலப்பொருள் பட்டியலில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறதா என்று தேடுங்கள். அது ஸ்டார்ச்சைத் துண்டாக்கிச் செய்யும் தூள். அதன் மூலக்கூறுகள் சர்க்கரையைவிடச் சற்று நீளமானவை என்பதால் சர்க்கரைக் கணக்கில் வருவதில்லை, மாவுச்சத்துக் கணக்கில் போய்விடுகிறது. ஆனால் உடலுக்குள் போனதும் குளுக்கோஸுக்கு இணையான வேகத்தில் இரத்தத்தை எட்டிவிடுகிறது. மால்ட்டிட்டால் என்று இருந்தால் அது வேறு, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி. அது சர்க்கரையைவிடக் குறைவாக ஏற்றும், ஆனால் ஏற்றவே ஏற்றாது என்று சொல்ல முடியாது. அதிகமானால் வயிறும் கெடும். வாப்பாவுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது, அவர் ஒரு வேளைக்குச் சாப்பிடும் எடையில் மொத்த மாவுச்சத்து எத்தனை கிராம் என்பதையே. மருந்தோடு அதை எப்படிப் பொருத்துவது என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டியது.

மாலதி, கோவை

மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை என்று இரண்டு வரி இருப்பதில் எதைப் பார்ப்பது? பிஸ்கட்டில் இரண்டுக்கும் வேறுபாடு சொற்பமாக இருக்கிறது. ஆனால் என் மகள் வாங்கிக் குடிக்கும் பாதாம் பால் பாட்டிலில் 100 மில்லிக்கு மொத்தச் சர்க்கரை 12 கிராம், சேர்க்கப்பட்டது 7.5 கிராம் என்று இருக்கிறது.

மாவும் அளவும்

பாலில் இயல்பாகவே லாக்டோஸ் என்ற சர்க்கரை 100 மில்லிக்கு ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. 12 க்கும் 7.5 க்கும் இடைப்பட்ட 4.5 கிராம் அதுதான். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பால், தயிர் சார்ந்தவற்றில் சேர்க்கப்பட்ட சர்க்கரை வரியையே பாருங்கள், இல்லாவிட்டால் வெறும் பாலுக்கே பழி சுமத்திவிடுவீர்கள். பிஸ்கட் போன்றவற்றில் பால் பொடியிலிருந்து சிறிதளவு வருவதோடு சரி, இரண்டு வரிகளும் ஒட்டியே இருக்கும்.

பானங்களில் மட்டும் பிஸ்கட்டுக்கு நேர் எதிரான ஏமாற்றம் ஒன்று இருக்கிறது. பிஸ்கட்டை யாரும் ஒரே அமர்வில் 100 கிராம் சாப்பிட நினைப்பதில்லை, ஆகவே 100 கிராம் பத்தி பெரிதாகத் தெரியும். பானத்தை யாரும் 100 மில்லியோடு நிறுத்துவதில்லை, ஆகவே அதே பத்தி சிறிதாகத் தெரியும். பாட்டில் 200 மில்லி என்று வைத்துக்கொண்டால் மகள் குடிப்பது 15 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை. வளர்ந்தவரின் 50 கிராம் வரம்பிலேயே அது 30 சதவீதம். 25 கிராமை வரம்பாகக் கொண்டால் பாதிக்கு மேல். அப்பாவின் நான்கு சாதா பிஸ்கட்டில் இருப்பது வெறும் 6 கிராம் என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். வீட்டில் முதலில் எதைக் குறைப்பது என்ற கேள்விக்கு ஆளுக்கு ஆள் விடை வேறுபடுகிறது.

கடைவீதி செல்வம், மதுரை

நான் மளிகைக் கடை வைத்திருப்பவன். நீங்கள் எல்லோரும் பெரிய பாக்கெட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் கடையில் நாள் முழுக்கப் போவது ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள்தான். அவற்றில் சிலவற்றில் இந்த அட்டவணையே இருப்பதில்லை. கேட்டால் சட்டம் அப்படித்தான் என்று விற்பனையாளர் சொல்கிறார். அது மெய்தானா?

மாவும் அளவும்

மெய்தான், செல்வம். பாக்கெட்டின் மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாமல் இருந்தால் மூலப்பொருள் பட்டியலையும் ஊட்டச்சத்து அட்டவணையையும் அதில் போடாமல் விட விதி அனுமதிக்கிறது. ஆனால் பல சிறு பாக்கெட்டுகளை அடக்கி வரும் வெளிப் பொதியில் அந்தத் தகவல் இருந்தாக வேண்டும். வாடிக்கையாளர் யாராவது கேட்டால் அந்த அட்டைப் பெட்டியையோ சரத்தின் மேல் உறையையோ காட்டுங்கள். அல்லது அதே பண்டத்தின் பெரிய பாக்கெட்டில் உள்ள 100 கிராம் பத்தியைப் பார்த்துவிட்டு, சிறு பாக்கெட்டின் நிகர எடையால் பெருக்கி 100 ஆல் வகுத்துக்கொள்ளலாம். 40 கிராம் பாக்கெட் என்றால் அந்த எண்ணில் ஐந்தில் இரண்டு பங்கு.

கடைவீதி செல்வம், மதுரை

மேல் உறையை நாங்கள் கிழித்துப் போட்டுவிட்டுத்தானே சரத்தைத் தொங்கவிடுகிறோம். இனிமேல் ஒன்றையாவது எடுத்து வைக்கிறேன். ஆனால் இரும்புச் சட்டியில் போட்டுக் கிலோக் கணக்கில் விற்கும் மிக்சர், காராச்சேவுக்கு எந்த உறையும் இல்லை. அது எந்த எண்ணெயில் போட்டது என்று எனக்கே தெரியாது.

டல்லாஸ் முருகவேள்

சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றைப் பெரிய, தடித்த எழுத்தில் போட வைக்கப் போவதாக 2024 ஜூலையில் உங்கள் ஆணையம் அறிவித்ததாகப் படித்தேன். அது வந்தால் இந்தச் சிக்கல் தீருமா?

மாவும் அளவும்

அந்த முன்மொழிவில் தடித்த எழுத்தில் போடச் சொன்னது, ஒரு சர்வுக்கான சதவீதத்தை. அதாவது, மாலதி அவர்களைக் கடையில் தவறான பக்கம் திருப்பிய அதே எண்ணை இன்னும் பெரிதாக்குவது. சர்வ் அளவை நிர்ணயிக்காமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால், 10 கிராம் என்று போடுபவருக்கே அது உதவும் என்பது என் கருத்து. எழுத்து பெரிதானால் மக்கள் பார்க்கவாவது செய்வார்கள் என்று என்னோடு முன்பு பணியாற்றியவர்களில் சிலர் வாதிடுகிறார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

சுந்தரி அம்மாள், தஞ்சாவூர்

சர்வ் அளவு பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரை விஷயத்தில் எனக்கு ஒரு ஐயம் உண்டு. என் மருமகள் வெல்லம் போட்ட கேழ்வரகு பிஸ்கட்டும், பேரீச்சம்பழத்தை அரைத்துச் செய்த ஒரு கட்டியும் வாங்கி வருகிறாள். முன்பக்கத்தில் வெள்ளைச் சர்க்கரை இல்லை என்று போட்டிருக்கிறது. பேரீச்சம்பழக் கட்டியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 0, மொத்தச் சர்க்கரை 100 கிராமுக்கு 45 கிராம். இது குழந்தைகளுக்குச் சர்க்கரையா, இல்லையா?

மாவும் அளவும்

வெல்லத்தில் ஐயமே வேண்டாம், அம்மா. வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் சேர்க்கப்பட்ட சர்க்கரைக் கணக்கில்தான் வர வேண்டும். கேழ்வரகு பிஸ்கட்டில் அந்த வரியில் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இனிப்பான பிஸ்கட்டில் அது பூஜ்யமாக இருந்தால் மூலப்பொருள் பட்டியலை நன்றாகப் படித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பேரீச்சம்பழத்தில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. முழுப் பழமாகவோ உலர்ந்த பழமாகவோ சாப்பிட்டால் அதை யாரும் சேர்க்கப்பட்ட சர்க்கரையாகக் கருதுவதில்லை. நன்கு அரைத்துக் கூழாக்கிவிட்டால் பிரிட்டனில் அதைச் சர்க்கரைக் கணக்கில் சேர்க்கிறார்கள், அமெரிக்க லேபிளில் சேர்ப்பதில்லை. பழத்தின் நார்ச்சத்து அரைத்த பின்னும் அதில் இருக்கிறது என்பது ஒரு பக்கம். மெல்ல வேண்டிய தேவை இல்லாமல் குழந்தை வேகமாக நிறையச் சாப்பிட்டுவிடும், பல்லிலும் ஒட்டிக்கொள்ளும் என்பது மறுபக்கம். நானாக இருந்தால் இந்தப் பண்டத்தில் மட்டும் மொத்தச் சர்க்கரை வரியைப் பார்ப்பேன்.

சுந்தரி அம்மாள், தஞ்சாவூர்

பேரீச்சம்பழத்தைச் சீனியோடு சேர்த்துப் பேசுவதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. ஒரு கட்டி 20 கிராம்தான். அதில் 9 கிராம் வருகிறது. பாதாம் பால் பாட்டிலைவிடக் குறைவுதானே?

மாலதி, கோவை

அம்மா, அந்த ஒப்பீட்டில் என் வீட்டுப் பாட்டில் தோற்றுப் போவதை நான் மறுக்கவில்லை. பேரீச்சம்பழத்தைப் பற்றி வேறு யாருக்காவது தெரிந்திருந்தால் எழுதுங்கள்.

மாவும் அளவும் ஐயாவுக்கு நன்றி. இன்று கடையில் 100 கிராம் பத்தியை மட்டும் வைத்து அலமாரியில் இருந்தவற்றைப் பார்த்துக்கொண்டே போனேன். பிரிட்டன் அளவுகோலின் 5 கிராமுக்குள் நிறைவுற்ற கொழுப்பு உள்ள பிஸ்கட் ஒரே ஒரு வகைதான் கண்ணில் பட்டது. மெல்லிய, வெறும் தேநீருக்கான பிஸ்கட் அது. 100 கிராமில் 4.8 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 21 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, ஒரு பிஸ்கட் சுமார் 5 கிராம். நான்கு சாப்பிட்டால் கொழுப்பு ஒரு கிராமுக்குள் முடிகிறது. அதைத்தான் வாங்கியிருக்கிறேன். சுவை குறைவு என்று அவர் ஆறாக்கிவிடாமல் இருக்க வேண்டும்.

நெல்லைச் சங்கரன்

ஆறு சாப்பிட்டாலும் ஒன்றரைக் கிராமைத் தாண்டாதே சகோதரி, நீங்கள் முதலில் வாங்கியதில் நான்குக்கே நாலு கிராம். எங்கள் வீட்டு முறுக்குப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். கொலஸ்ட்ரால் 0, டிரான்ஸ் கொழுப்பு 0, மொத்தக் கொழுப்பு 32, நிறைவுற்ற கொழுப்பு 14. பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறதே, இது எந்த எண்ணெய்?

மாவும் அளவும்

32 இல் 14 என்றால் 44 சதவீதம். பெரும்பாலும் பாமோலினாக இருக்கும், ஐயா. பாமாயிலிலிருந்து கெட்டிப் பகுதியை நீக்கி எடுக்கும் திரவப் பகுதி அது; பொரிப்பதற்குப் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூலப்பொருள் பட்டியலில் மாவுக்கு அடுத்ததாக அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.